எட்டு மாதத்துக்கு இரண்டரை லட்சமா?

ரூபாய் 2,45,440. கம்பெனி வக்கீல் அனுப்பிய நோட்டீஸின் கடைசிப் பத்தியில் இருக்கும் தொகை இது. பதினைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் என் மீதும், எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட என் அப்பா மீதும் நடவடிக்கை எடுப்பார்களாம். நான் வேலை பார்த்துக்கொண்டே பி.இ. படிப்பதற்காக அவர்கள் கொடுத்த மொத்தப் பணம் 1,08,000. கொடுத்ததைப் போல இரண்டேகால் மடங்கு இப்போது திரும்ப வேண்டுமாம். படித்து முடித்த பிறகு அவர்களிடமே நான் வேலை பார்த்த மாதங்களுக்கு அந்த நோட்டீஸில் ஒரு பைசா கழிவு இல்லை. கந்துவட்டிக்காரன்கூடக் கட்டிய தவணையைக் கழித்துக்கொண்டுதானே மீதியைக் கேட்பான்?

நான் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பழைய ஆபீசில் என்னைப் பற்றி ‘கம்பெனி காசுல படிச்சிட்டு ஓடிட்டான்’ என்று பேசிக்கொள்கிறார்கள் எனக் காதுக்கு வருகிறது. செலவழித்தவர்களுக்கு அதன் பலன் கொஞ்ச காலமாவது கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. சண்டையெல்லாம் அந்தப் பலனை அவர்கள் எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான்.

கோவையில் பகுதிநேர பி.இ. என்று ஒன்று உண்டு. டிப்ளமோ முடித்துவிட்டு வேலையில் இருப்பவர்களுக்கானது. ஏழு செமஸ்டர், மூன்றரை வருடம், மாலை வகுப்பு. நம்மூர் ஃபவுண்டரிகளிலும் பம்ப் கம்பெனிகளிலும் மெஷின் ஷாப்களிலும் எத்தனையோ பேர் இப்படித்தான் இன்ஜினியர் ஆனார்கள். இதில் சேர, நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து சான்றிதழும் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் வேண்டும். என்னை மடக்கிய இடம் அந்தக் கடிதம்தான். அட்மிஷனுக்கு மறுநாள் போக வேண்டும். முந்தின நாள் மத்தியானம் ஹெச்.ஆர். மேஜையில் ஒரு முத்திரைத்தாள் ஒப்பந்தத்தை வைத்து, “தம்பி, இது சும்மா ஃபார்மாலிட்டிதானுங். எல்லாரும் போடறதுதான்” என்றார்கள். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். நான் ஒவ்வொரு வரியையும் படித்தேன். கேள்வியும் கேட்டேன். “இதுல கை போட்டாத்தான் அந்த லெட்டர்” என்று பதில் வந்தது. இப்போது அவர்கள் வக்கீல் எழுதுகிறார், நான் ‘முழு சம்மதத்துடன், சுதந்திரமாக’ ஒப்புக்கொண்டேனாம். எந்தச் சுதந்திரம் ஐயா அது?

அன்றைக்கே அப்பாவையும் வரச் சொன்னார்கள். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர். அரை நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். “எங்க கண்ணு போடோணும்?” என்று மட்டும்தான் கேட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. பையன் இன்ஜினியர் ஆகப்போகிறான் என்ற சந்தோஷத்தில் நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கூடவே என் பேங்க் செக் இரண்டு வாங்கிக்கொண்டார்கள். தேதி இல்லை, தொகை இல்லை, என் கையெழுத்து மட்டும்.

திட்டம் இதுதான். ஒரு செமஸ்டருக்குக் கட்டணம் 24,000. முதலில் நான் கட்ட வேண்டும். எல்லா பேப்பரும் பாஸ் ஆனால், ரசீதையும் மதிப்பெண் பட்டியலையும் கொடுத்து அதில் முக்கால் பங்கு, 18,000 ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரு அரியர் விழுந்தாலும் அந்த செமஸ்டருக்கு ஒன்றும் கிடையாது. நான்காவது செமஸ்டரில் எனக்கு ஹீட் டிரான்ஸ்ஃபரில் போய்விட்டது. ஆடிட் வேலை என்று வாரக்கணக்கில் ஓவர்டைம் போட்டு நிறுத்தி வைத்தது யார் என்று கேட்டால் மேனேஜருக்குக் கோபம் வரும். ஆக ஏழில் ஆறு செமஸ்டருக்கு 1,08,000 அவர்களுடையது. மீதி 60,000 என்னுடையது. புத்தகம், பெட்ரோல், தூக்கம் எல்லாம் தனிக்கணக்கு. அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

சரி, அவர்கள் போட்ட ஒரு லட்சத்து எட்டாயிரத்துக்கு நான் படிக்கும்போதே அவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒன்றே ஒன்று சொல்கிறேன். சுவர் மெலிந்த ஒரு பேரிங் ஹவுசிங். கஸ்டமரிடமிருந்து லாட் லாட்டாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. துளை வட்டமாக இல்லை என்பது அவர்கள் புகார். எங்கள் ஷாப்பில் போர் கேஜ் வைத்துப் பார்த்தால் எங்கு திருப்பினாலும் அளவு சரி. மாதக்கணக்கில் ஆபரேட்டர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மெட்ராலஜி வகுப்பில் மும்மடல் வடிவம் பற்றிப் படித்தேன். மூன்று தாடைச் சக்கில் மெல்லிய பாகத்தை இறுக்கிப் பிடித்தால் அது மூன்று இடத்தில் உள்ளே அமுங்கும். அந்த நிலையில் கடைந்தால் துளை வட்டமாகத்தான் வரும். சக்கைத் தளர்த்தினால் சுவர் பழைய நிலைக்குத் துள்ளும், துளை மூன்று மடலாகிவிடும். இரண்டு புள்ளியில் தொடும் போர் கேஜுக்கு இது தெரியாது. மூன்று மடல் வடிவத்தில் ஒரு பக்கம் உப்பினால் நேர் எதிர்ப்பக்கம் குழிந்திருக்கும், குறுக்களவு எங்கும் ஒன்றாகவே காட்டும். நான் சிஎம்எம் மெஷினில் துளையைச் சுற்றி நிறையப் புள்ளி எடுத்து வரைந்து காட்டினேன். மூன்று மேடு பளிச்சென்று தெரிந்தது. ஃபினிஷிங் கட்டுக்கு மட்டும் அகலத் தாடை போட்டு, பிடிப்பு அழுத்தத்தைக் குறைத்தார்கள். ரிஜெக்‌ஷன் நின்றது. அதற்காகக் கஸ்டமர் கொடுத்த பாராட்டுக் கடிதம் இன்றும் பிளான்ட் ஹெட் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் என் பெயர் இல்லை. போகட்டும். ஆனால் ‘உன் படிப்பால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லாமல் போனது’ என்று நோட்டீஸில் எழுத எப்படி மனசு வந்தது?

டிகிரி முடித்த பிறகு பதவி மாற்றிக் கேட்டேன். ‘சீனியர் டெக்னீஷியன்’ தான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அந்த வருஷம் ஜூனில் பகல் கல்லூரியிலிருந்து பி.இ. முடித்த பையன்கள் டிரெய்னி இன்ஜினியராக வந்தார்கள். என்னைவிட அதிகச் சம்பளம். அவர்களுக்கு சிஎம்எம் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. அடுத்த வருஷமும் அதே பதில். என்னை டெக்னீஷியனாகவே வைத்திருக்க முடிந்ததற்குக் காரணமே அந்த முத்திரைத்தாள்தான். எங்கே போய்விடுவான் என்ற தைரியம். ஓசூரில் ஒரு கம்பெனி இன்ஜினியர் என்ற பெயரோடு வேலை கொடுத்தது. டிசம்பரில் போனேன்.

இப்போது அந்த ஒப்பந்தத்துக்குள் வாருங்கள். ‘படிப்புத் தொகையின் கடைசித் தவணை வழங்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதம் பணியாற்ற வேண்டும்’ என்பது அதில் உள்ள வரி. படிப்பு முடிந்த நாளிலிருந்து இல்லை, ரிசல்ட் வந்த நாளிலிருந்து இல்லை. அவர்கள் பணம் கொடுத்த நாளிலிருந்து. என் கடைசித் தேர்வு டிசம்பரில் முடிந்தது. ரிசல்ட் வந்ததும் பிப்ரவரியில் பில் கொடுத்தேன். கல்லூரி ரசீதில் முத்திரை மங்கலாக இருக்கிறது என்று திருப்பினார்கள். புது ரசீது வாங்கிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர் டூரில் இருந்தார். பிறகு மார்ச் கணக்கு முடிப்பு. பிறகு புது வருஷ பட்ஜெட். அந்தப் பதினெட்டாயிரம் என் கணக்கில் விழுந்தது ஆகஸ்டில். முந்தைய தவணை எதற்கும் இப்படி இழுத்ததில்லை. அவர்கள் தாமதிக்கத் தாமதிக்க என் 24 மாதமும் தள்ளிப்போனது. அவர்கள் சோம்பலுக்கு என் காலில் விலங்கு.

கடைசித் தேர்விலிருந்து எண்ணினால் நான் போன டிசம்பரோடு 24 மாதம் முடிந்துவிட்டது. ரிசல்ட்டிலிருந்து எண்ணினால் பாக்கி இரண்டே மாதம். அவர்கள் விருப்பப்படி ஆகஸ்டிலிருந்தே எண்ணினாலும் 16 மாதம் ஓடிவிட்டது, 8 மாதம்தான் பாக்கி. சண்டை வேண்டாம் என்று அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 24 மாதத்தில் 8 மாதம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. 1,08,000-இல் மூன்றில் ஒரு பங்கு 36,000. இதைத்தான் ராஜினாமாக் கடிதத்தோடு தருவதாக எழுதிக் கொடுத்தேன்.

ஹெச்.ஆர். சிரித்தார். “குறைச்சுக்கற மாதிரி ஒப்பந்தத்துல எங்கயும் இல்லீங்களே” என்றார். உண்மைதான், இல்லை. 23 மாதமும் 29 நாளும் வேலை பார்த்துவிட்டுப் போனாலும் முழு 1,08,000-மும் கட்ட வேண்டும். அடுத்த நாள் போனால் ஒன்றும் கட்ட வேண்டாம். ஒரே இரவில் கடன் முழுசாக மறையும் என்றால் முந்தின நாள் வரை அது எந்தக் கடன்? அதற்கு மேல் ‘நிர்ணயிக்கப்பட்ட இழப்பீடு’ என்று ஒரு லட்சம். எதற்கு இழப்பீடு என்று ஒப்பந்தத்திலும் இல்லை, நோட்டீஸிலும் இல்லை. இரண்டையும் கூட்டி 2,08,000. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 37,440. இந்த ஜி.எஸ்.டி. கதையைக் கேட்டு என் வக்கீலே சிரித்துவிட்டார். பாண்டை மீறிப் போகும் ஊழியரிடம் வசூலிக்கும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை போட்டுவிட்டது. அரசாங்கம் கேட்காத வரியை அரசாங்கத்தின் பெயரால் கேட்கிறார்கள்.

வக்கீல் எனக்குப் பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. அதற்காகவே அவர் மீது மரியாதை. “பாண்டே செல்லாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க தம்பி” என்றுதான் ஆரம்பித்தார். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறது. யூடியூபில் எல்லோரும் அதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் குறைந்தபட்சம் இத்தனை வருடம் இரு, இல்லையென்றால் பணம் கட்டு என்பது வேறு வேலைக்குப் போகவே கூடாது என்று தடுப்பதாகாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. மூன்று வருடம் முடிக்காமல் வேறு வங்கிக்குப் போன மேலாளர் இரண்டு லட்சத்தை ஆட்சேபத்துடன் 2009-இல் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். பதினாறு வருடம்! அதற்குள் ஒரு மனிதனின் பாதி உத்தியோக காலமே முடிந்துவிடாதா?

நம் சென்னை உயர் நீதிமன்றமும் 1996-இல் ஒரு வழக்கில், முதலாளி செலவு செய்து பயிற்சி கொடுத்திருந்தால் ஊழியர் பாதியில் போவதே முதலாளிக்கு இழப்புதான், தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது. ஆகவே ‘ஒரு பைசா தரமாட்டேன்’ என்று போய் நின்றால் நான் தோற்பேன்.

ஆனால் எவ்வளவு என்பது வேறு கேள்வி. அதற்கு 74-ஆவது பிரிவு. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். உச்ச நீதிமன்றம் 1963-இலிருந்து சொல்லி வருவது இது. வக்கீல் எனக்காக எடுத்துக் காட்டியது டெல்லியில் 2011-இல் முடிந்த ஒரு வழக்கு. மூன்று வருட பாண்ட், தொகை இரண்டு லட்சம். பயிற்சிக்குக் கம்பெனி செலவழித்தது 67,595. ஊழியர் ஏறக்குறைய இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போய்விட்டார். கம்பெனி கேட்டது இரண்டு லட்சம். கீழ்க்கோர்ட் கொடுத்தது 22,532. செலவில் மூன்றில் ஒரு பங்கு. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போயும் உயர் நீதிமன்றத்தில் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. என் 36,000 கணக்கும் அச்சு அசலாக அதே கணக்கு அல்லவா? ஹெச்.ஆர். சிரித்த கணக்கு!

விஜயா வங்கித் தீர்ப்பையும் என் பழைய கம்பெனிக்காரர்கள் முழுசாகப் படிக்கவில்லை. அச்சடித்த ஒப்பந்தத்தை ஒரு பக்கம் நீட்டி மறுபக்கம் கையெழுத்து வாங்குகிற இடத்தில் பலம் சமமாக இல்லை என்பதையும், நிபந்தனை நியாயமானது என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது என்பதையும் அதே தீர்ப்பு பேசுகிறது. அங்கே இரண்டு லட்சம் செல்லும் என்று சொன்னதற்குக் காரணம், அரசு வங்கி ஊரறிய விளம்பரம் கொடுத்துத் தேர்வு நடத்தி ஆளெடுக்க ஆகும் செலவு, அந்தப் பதவியின் பெரிய சம்பளம். என் இடத்துக்கு இவர்கள் எங்கே விளம்பரம் கொடுத்தார்கள்? நான் சொல்லிக்கொடுத்த டிரெய்னி ஒருவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவனுக்குக் கற்றுக்கொடுத்ததற்கு யார் இழப்பீடு தருவது?

சட்டம் இப்படி என் பக்கம் பாதி இருந்தும் ராத்திரி தூக்கம் வராமல் செய்வது அந்த இரண்டு செக். சிவில் வழக்கென்றால் என் பக்கத்தைச் சொல்ல நேரம் இருக்கும். செக்கில் 2,45,440 என்று எழுதி பேங்கில் போட்டு, பணம் இல்லாமல் திரும்பினால் விவகாரம் கிரிமினல் கோர்ட்டுக்குப் போகும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு. ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். தப்ப முடியாது, அதுவும் அந்தப் பிரிவுக்குள்தான் வரும் என்றார் வக்கீல். கையெழுத்துப் போட்டு வெற்றாகக் கொடுத்த செக்கும், கடனுக்காகத் தந்ததாகவே முதலில் கருதப்படும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவ்வளவு கடன் இல்லை என்று நான்தான் எதிர்வாதம் செய்ய வேண்டும், அதுவும் குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு. படிக்க ஆசைப்பட்டதற்கு இது தேவையா?

இது போதாதென்று ரிலீவிங் லெட்டரையும் பிடித்து வைத்திருக்கிறார்கள். பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியைக்கூடப் போடவில்லை. அதையாவது கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நாமே இணையத்தில் போட்டுக்கொள்ளலாம். ரிலீவிங் லெட்டருக்கு அப்படி ஒரு வழியும் இல்லை. ஓசூர்க்காரர்கள் மரியாதையாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் வாராவாரம் கேட்கிறார்கள். பழைய கம்பெனிக்கு இது நன்றாகத் தெரியும். கோர்ட்டுக்குப் போனால் 36,000 தான் கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கோர்ட்டுக்குப் போகாமல் என் புது வேலையையும் அப்பாவையும் இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

அப்பா பெயருக்கும் தனியாக ஒரு நோட்டீஸ். தறிக்குடோனுக்கே தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நாலு பேர் பார்க்க அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் என்னிடம் போனில் கேட்டது, “நீ ஏதாச்சும் திருடிட்டியா சாமி?” என்றுதான். நான் என்ன பதில் சொல்ல? இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, சோற்றைத் தின்று, காலை ஷிஃப்டுக்கு ஆறு மணிக்கு ஓடிய மூன்றரை வருடத்தையா திருடினேன்?

36,000 ரூபாய்க்கு டி.டி. எடுத்து, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் தருகிறேன் என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டுமென்றாலும் கணக்குக் காட்டுங்கள். ஒரு லட்சம் இழப்பு எந்த ரசீதில் இருக்கிறது? பிப்ரவரியில் கொடுத்த பில்லுக்கு ஆகஸ்டில் பணம் கொடுத்தது யார் தப்பு? எந்தச் சட்டத்தில் 37,440 வரி? ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த ஒப்பந்தத்தை எழுதியது நீங்கள். கணக்குக் காட்ட முடியாதென்றால் என் இரண்டு செக்கையும், அப்பா கையெழுத்துப் போட்ட அந்த நான்கு பக்கத்தையும், ரிலீவிங் லெட்டரையும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அவருக்கு அனுப்பிய நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஒரு கடிதமும் போடுங்கள். அதையும் தறிக்குடோன் முகவரிக்கே அனுப்புங்கள், தமிழில்.